பன்னிரண்டு வட்டி

பஞ்சாபகேசனுக்கு அடையாறு வேண்டும். தியாகராய நகரில் ஒரு கூட்டுறவு வங்கியின் கிளையைக் கட்டி மேய்த்து அலுத்துவிட்டது. அடையாறில் திறக்கப்போகும் புதுக் கிளைக்கு மேனேஜராகப் போனால் தனி அறை, ஏசி, வாசலில் ஒரு கூர்க்கா. மாசக் கடைசிக்குள் மகளிர் சேமிப்புக் குழுக்களிடமிருந்து டெபாசிட்டைக் கூட்டிக் காட்டினால் அது உமக்குத்தான் என்று வங்கித் தலைவர் சொல்லிவிட்டார். சொன்ன அன்றிலிருந்து மனிதருக்குத் தூக்கம் போச்சு.

தொண்ணூற்றாறாம் வருஷத்தில் எதற்கெடுத்தாலும் வீடியோதானே. மயிலாப்பூரில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த மதுவந்தியைக் கூப்பிட்டு, குழுப் பெண்களுக்குத் திட்டத்தை விளக்கிப் பத்து நிமிஷப் படம் எடுக்கச் சொன்னார். அந்தப் பெண் ஒழுங்காகத்தான் எழுதிக்கொண்டு வந்தாள். நூறு ரூபாய் போட்டால் வருஷத்துக்குப் பன்னிரண்டு ரூபாய், அதாவது மாசத்துக்கு ஒரு ரூபாய் வட்டி. மூன்று மாசத்துக்குள் எடுத்தால் வட்டி கிடையாது. அதற்குப் பிறகு, வருஷம் முடியுமுன் எடுத்தால் நூற்றுக்கு ஒன்று குறைத்து, வைத்திருந்த காலத்துக்கு மட்டும் வட்டி. எடுக்க வரும்போது குழுத் தீர்மானம் வேண்டும். தலைவி, செயலாளர் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும்.

எடுக்கிற விதிகளை அவர் தொடவில்லை. யார் எடுக்கப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார். ஆனால் "மாசத்துக்கு ஒரு ரூபாய்" என்ற இடத்தில் முகத்தைச் சுளித்தார். ஒன்று என்பது ஓர் எண்ணா? பிச்சை போடுவது மாதிரி இருக்கிறதாம். அதை அடித்துவிட்டு, "எங்கள் வங்கியில் பன்னிரண்டு வட்டி" என்று பேனாவை அழுத்தி எழுதினார்.

மதுவந்தி தயங்கினாள். "சார், அவாள்லாம் பன்னெண்டு வட்டின்னா மாசக் கணக்குன்னுதான் எடுத்துப்பா."

கல்யாணத்தில் தாலி கட்டுவதைப் படம் பிடிக்கிறவள் பாங்கிங் சொல்லித்தரவேண்டாம் என்று வாயை அடைத்துவிட்டார். படிப்பு இருந்தால் இந்தத் திமிர் இலவசம். நூற்றுக்கு மாசம் இரண்டு ரூபாய் என்றால் இரண்டு வட்டி, ஐந்து என்றால் ஐந்து வட்டி. சென்னையில் கடன் வாங்கிப் பிழைக்கிற எவருக்கும் அதுதான் கணக்கு. கடன் வாங்காத பஞ்சாபகேசனுக்கு மட்டும் தெரியாது.

சிந்தாதிரிப்பேட்டை சமுதாயக் கூடத்தில் டிவி பெட்டி வைத்துப் படத்தைப் போட்டார்கள். நாலைந்து குழுக்கள் வந்திருந்தன. எல்லாம் ஏற்கெனவே பணம் போட்டு வைத்திருந்தவர்கள். பார்த்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், பேசாமல் எழுந்து போனார்கள். அசந்துவிட்டார்கள் என்று பஞ்சாபகேசன் வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னார்.

மறுநாள் காலையில் வங்கி வாசலில் நல்ல கூட்டம். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. தலைவருக்கு போன் அடித்து நேரில் வந்து பார்க்கச் சொன்னார். மதுவந்தியைக் காமிராவோடு வரச் சொன்னார். வரிசையில் நின்றவர்களுக்குக் காபி கொடுக்கச் சொல்லிவிட்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கவுண்டரில் தானே போய் உட்கார்ந்தார்.

முதலில் நின்றவள் கன்னியம்மா, கூவம் ஓரத்தில் டிபன் கடை வைத்திருப்பவள், ஒரு குழுவின் தலைவி. பக்கத்தில் செயலாளர். கையில் தீர்மானம். இரண்டு கையெழுத்தும் பளிச்சென்று இருந்தன. படத்தில் சொன்னபடி ஒன்றுகூடக் குறையவில்லை. பஞ்சாபகேசன் காகிதத்தை இரண்டு தரம் படித்தார். போட்டதெல்லாம் திரும்ப வேண்டுமாம். பின்னால் நின்றவர்கள் கையிலும் அதே தீர்மானம்தான்.

ஏனம்மா என்று கேட்டார்.

"பன்னெண்டு வட்டி குடுக்கிறேன்னா எவன் சார் குடுப்பான்? ஓடிப்போறவன்தான் குடுப்பான். போன வருசம் ஆறு வட்டின்னு சொன்ன பைனான்ஸ்காரனே பூட்டு போட்டுக்கினு பூட்டான். நீ டபுளா சொல்ற. எங்க காசைக் குடுத்துட்டு நீ எங்கயாவது போய்க்கினே இரு."

வரிசை கசகசவென்று நெருக்கியது. பெட்டியில் அத்தனை ரொக்கம் இல்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் மத்தியானத்துக்குள் பனகல் பூங்கா வரைக்கும் கூட்டம் நிற்கும். பஞ்சாபகேசன் நாற்காலிமேல் ஏறினார். அடையாறு ஏசி எல்லாம் கண்முன்னால் அணைந்துகொண்டிருந்தது.

"அம்மா, ஒரு வட்டிதாம்மா! சத்தியமா ஒரே ஒரு வட்டி. அதுக்கு மேல ஒரு பைசா தரமாட்டோம். நடுவுல எடுத்தா அதுலயும் பிடிப்போம்."

கெஞ்சினார். கையைக் கூப்பினார். எவ்வளவு குறைவாகக் கொடுக்கிறோம் என்று இப்படித் தொண்டை வறளக் கத்தின வங்கிக்காரன் வேறு எங்கும் இருந்திருக்கமாட்டான். வாசலில் தலைவர் வந்து நின்றதை அவர் பார்க்கவில்லை. மதுவந்தியின் காமிரா ஓடிக்கொண்டிருந்ததையும் பார்க்கவில்லை.

கன்னியம்மா செயலாளரிடம் குனிந்து ஏதோ கேட்டாள். பிறகு தீர்மானத்தை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"ஒரு வட்டியா? அப்ப நம்ம காசு பத்திரமாத்தான் கீது."

கூட்டம் கலைந்தது. கொடுத்த காபியை மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள்.

தலைவர் பழைய படத்தைத் தூக்கிப் போடச் சொல்லிவிட்டார். மதுவந்தி அன்று எடுத்ததே போதுமாம். இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாதாம். அவளுக்குப் பேசின கூலி அன்றே கைக்கு வந்தது. அடையாறு வேறொருவருக்குப் போயிற்று. பஞ்சாபகேசனுக்கு டிவி பெட்டியோடு ஊர் ஊராகப் போய், நாற்காலிமேல் நின்று கெஞ்சுகிற தன்னையே பெண்களுக்குப் போட்டுக் காட்டுகிற உத்தியோகம். டெபாசிட் என்னவோ ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. தெருமுனையில் அவர் தலை தெரிந்தாலே, ஒரு வட்டி சார் வந்துட்டாருன்னு உள்ளே குரல் கொடுக்கிறார்கள்.