வறுத்த கடலைத் தூள்

மெயிலில் இரண்டே வரிகள்தான் இருந்தன. அமலா அதை ஏழாவது முறை படித்து முடிப்பதற்குள் காபி ஆறி ஆடை கட்டிவிட்டது.

"நூறு கிராமுக்குக் கொழுப்பு 16.3 கிராம் என்று போட்டிருக்கிறீர்கள். இந்தப் பொருள்களுக்கு அது அதிகமாகப் படுகிறது. சரிபார்த்துச் சொல்லவும்." பாரிஸ் பக்கத்தில் இருந்து, இறக்குமதி செய்கிற கம்பெனியின் தரப் பிரிவு அனுப்பிய பிரெஞ்சு மெயில் அது. மரியாதையாகத்தான் கேட்டிருந்தார்கள்.

விழுப்புரம் கீழ்ப்பெரும்பாக்கத்தில் இரண்டு அறை வீடு. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்துவிட்டு, எட்டு வருஷமாக வீட்டிலிருந்தே மொழிபெயர்த்துப் பிழைக்கிறவள் அவள். திண்டிவனத்தில் இருக்கிற ஒரு கம்பெனி, வெளிநாட்டுக்கென்றே புதிதாக ஒரு கேப்பை உருண்டை செய்தது. உள்ளூரில் விற்காத பண்டம், அதனால் ஆங்கில லேபிள்கூடக் கிடையாது. மாஸ்டர் கையால் எழுதிய செய்முறைத் தாளும் லேப் ரிப்போர்ட்டும் இவளிடம் வந்தன. பிரான்சுக்குப் போகிற பண்டத்துக்கு லேபிள் பிரெஞ்சில் இருந்தாக வேண்டும்.

வேலையில் அவள் ஒன்றும் மட்டமில்லை. லேப்காரர்கள் சோடியம் என்று கொடுத்ததை இரண்டரையால் பெருக்கி உப்பு என்று மாற்றினாள். அங்கே கேட்பது உப்பைத்தான். மாவுச்சத்துக் கணக்கில் நார்ச்சத்தும் சேர்ந்திருந்ததைக் கண்டுபிடித்துக் கழித்தாள். கலோரிக்கு முன்னால் கிலோஜூலையும் போட்டாள். ஐரோப்பியச் சட்டத்தில் அலர்ஜி தரும் பொருள்கள் பதினான்கு வகை. அதில் எது பண்டத்தில் இருந்தாலும் பட்டியலிலேயே அது தனியாகத் தெரிய வேண்டும். எள்ளையும் நெய்யில் இருக்கிற பாலையும் தடித்த எழுத்தில் போட்டுவிட்டு, அன்றைக்குத் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டாள்.

இப்போது செய்முறைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு கால்குலேட்டரைத் தட்டினாள். நூறு கிராமில் கேப்பை நாற்பது, அதில் கொழுப்பு அரை கிராம் தேறும். வெல்லத்தில் ஒன்றுமில்லை. எள் ஆறு கிராம், அதில் மூன்று. நெய் நாலு, அது முழுக்கக் கொழுப்பு. வறுத்த கடலைத் தூள் பதினெட்டு. அதில் ஒரு கிராம் இருந்தால் அதிகம். எல்லாம் சேர்ந்து எட்டரை வந்தது. லேப் சொல்வது பதினாறு. மீதி எட்டு கிராம் எங்கிருந்து வந்தது?

அவள் கண் "வறுத்த கடலைத் தூள்" என்ற வார்த்தையில் போய் நின்றது. கடலை என்றால் கடலைப் பருப்பு, கொண்டைக்கடலை, பொட்டுக்கடலை. அந்த வகையறாதான் என்று 'வறுத்த கொண்டைக்கடலை மாவு' என்று பிரெஞ்சில் எழுதியிருந்தாள். அது அந்தப் பதினான்கில் வராது. சந்தேகமே வரவில்லை. சந்தேகம் வராத இடத்தில்தானே மனுஷன் விழுகிறான்.

மாஸ்டர் சக்கரபாணிக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. உற்பத்திக் கூடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. ஏற்றுமதி மேனேஜர் கோகுலகிருஷ்ணன் எடுத்தார்.

"மேடம், இன்னா விஷயம், ஜல்தி சொல்லுங்க. கண்டெய்னர் லோடு பண்ணிக்கினு இருக்கோம். பன்னெண்டு மணிக்கு சீல் வச்சி அனுப்பணும்."

"சார், அந்தக் கடலை என்னா கடலை சார்?"

"கடலைன்னா கடலைதான் மேடம். தாள்ல இன்னா எழுதினாருன்னு மாஸ்டருக்குத்தான் தெரியும். வைக்கட்டுமா?" வைத்துவிட்டார்.

மணி பத்து. அமலா ஒரு கணம்கூட உட்காரவில்லை. கம்பெனி அனுப்பியிருந்த சாம்பிள் பாக்கெட் ஒன்று ஃபிரிட்ஜ் மேல் பிரிக்காமலே கிடந்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள்.

பஸ் விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டிகளுக்குப் பின்னால் நகராமல் நின்றபோது, பாக்கெட்டைப் பிரித்தாள். அவள் மூக்குக்கு எட்டுவதற்கு முன்பே, மடியில் பூக்கூடையோடு பக்கத்தில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாம்மா, மல்லாட்டை உருண்டையா? வாசனை தூக்குது."

அமலா ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். மல்லாட்டைதான். வேர்க்கடலையை அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள், பதினான்கு வகையில் அதுவும் ஒன்று. மென்று பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அவள் அம்மா சவுரியம்மாள் முண்டியம்பாக்கத்துக் கொல்லைகளில் கூலிக்கு மல்லாட்டை பிடுங்கியவள். அந்த வாசனையிலேதான் அமலா வளர்ந்தாள். பத்து நாளாக அந்தப் பாக்கெட் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. ஒரே ஒரு உருண்டையைக் கடித்திருந்தால் போதும். லேபிளில் இருந்த எண்களை எல்லாம் சரிபார்த்தவளுக்குப் பண்டத்தை வாயில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

மல்லாட்டை ஆகாத பிள்ளைக்கு ஒரு வாய் போதும், தொண்டை வீங்கி மூச்சடைத்துவிடும் என்று அவள் எத்தனையோ தரம் படித்திருக்கிறாள். அப்படிப்பட்ட பிள்ளையின் வீட்டார் லேபிளை நம்பித்தான் எதையும் வாங்குவார்கள். அந்த லேபிளை எழுதினது இவள். இதை ஒத்துக்கொண்டால் இனி எந்தக் கம்பெனியும் வேலை கொடுக்காது என்பதும் தெரிந்தது. அந்தப் பயம் வந்தது, ஆனால் நிற்கவில்லை. பெரிய பயம் அதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டது.

"சார், லோடை நிறுத்துங்க," என்று போனில் கத்தினாள். பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். "லேபிள் தப்பு சார். நான் பண்ண தப்பு. உள்ள இருக்கிறது மல்லாட்டை, லேபிள்ல இல்ல."

"மல்லாட்டைதான் மேடம், தின்னா தெரியுதே. நீங்க இன்னா போட்டீங்க? எனக்கு பிரெஞ்சு தெரியுமா?" என்றார் கோகுலகிருஷ்ணன். பிறகுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். "கதவு சாத்தப் போறாங்க. நான் போய் நிறுத்துறேன்."

அவள் போய்ச் சேர்ந்தபோது கண்டெய்னர் கதவு பாதி திறந்தபடி நின்றது. பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் சக்கரபாணி தலையில் வலைத் தொப்பியோடு வெளியே வந்தார். கோவில்பட்டிக்காரர், இங்கே வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது.

"கடலைன்னா கடலைதானம்மா? கடலை மிட்டாய்னு சொல்லுதோம், அதுல என்ன போடுதோம்? நீங்க சொல்லுதது பொரிகடலை. பொரிகடலைன்னா பொரிகடலைன்னுல்லா எழுதியிருப்பேன்."

"எங்க ஊர்ல இது மல்லாட்டை அண்ணே. கடலைன்னு நாங்க சொல்றது வேற."

இரண்டு பேருமே பொய் எழுதவில்லை. அவரவர் ஊர்த் தமிழில் அவரவர் சரியாகத்தான் இருந்தார்கள்.

"ஒரு வார்த்தைக்குக் கப்பலை விடணுமா மேடம்?" கோகுலகிருஷ்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கோபத்தைவிடப் பயம்தான் அந்த முகத்தில் அதிகம். "சரி. புது ஸ்டிக்கர் அடிச்சி மேல ஒட்டலாம், உரிஞ்சி வராத பசையில. ஒரு வாரத்துல அடுத்த கப்பல்." அப்படியே நின்றுவிட்டார். "ஐயோ. சாம்பிள்."

"என்ன சாம்பிள்?"

"பத்து நாளைக்கு முன்ன கூரியர்ல அறுபது பாக்கெட் போச்சு. இதே லேபிளோட."

கண்டெய்னரை நிறுத்தியதும் ஆபத்து விலகிவிட்டது என்று நினைத்திருந்தாள். அதுவோ அவளுக்கு முன்பே விமானம் ஏறிப் போய்ச் சேர்ந்திருந்தது.

இறக்குமதி செய்கிறவர் தென்னரசு, புதுச்சேரியில் பிறந்தவர். இங்கே மதியம் என்றால் அங்கே காலை, முதல் அழைப்பிலேயே எடுத்துவிட்டார். அமலா சுற்றி வளைக்கவில்லை. நடந்ததைச் சொன்னதும் அவர் பதறினார்.

"ஞாயித்துக்கிழமை தமிழ்ச் சங்கத்து விழாவுல ஸ்டால் போட்டு எல்லாத்தையும் குடுத்துட்டேனே. எனக்கு சுகர், நான் வாயில வைக்கல. வாங்கினவங்க நம்பர் இருக்கு. ஒவ்வொருத்தரா கூப்பிடுறேன். நீங்க உடனே பிரெஞ்சுல ஒரு மெயில் போடுங்க. 'சாப்பிட வேண்டாம், மல்லாட்டை இருக்கு'ன்னு தெளிவா."

மெயிலை எழுதி அனுப்பினாள். 'அராஷித்', அவர்கள் மொழியில் மல்லாட்டை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல ஒவ்வொரு எழுத்தாக உதட்டை அசைத்துப் பார்த்துத்தான் அனுப்பினாள். பிறகு காத்திருந்தாள். கேண்டீனில் சோறு கொண்டுவந்து வைத்தார்கள், தொடவில்லை. சக்கரபாணி எதிரே உட்கார்ந்து, சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். ஒவ்வொரு முறை போன் அதிர்ந்தபோதும் பாய்ந்து எடுத்தாள். முதலில் ரீசார்ஜ் விளம்பரம், அப்புறம் கேஸ் புக்கிங். கும்பிடாத சாமியில்லை. மாதாவையும் கூப்பிட்டாள், மயிலம் முருகனையும் கூப்பிட்டாள்.

மூன்றரைக்குத் தென்னரசு கூப்பிட்டார். கோகுலகிருஷ்ணனும் கேட்கட்டும் என்று அமலா போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்பத்தொம்பது வீட்டுல பிரச்சினை இல்லம்மா."

"மீதி ஒண்ணு?"

"ஒரு அம்மா. அவங்க பையனுக்கு மல்லாட்டை ஆகாது. போன வருஷம் ஆஸ்பத்திரி வரைக்கும் போய் வந்த பையன். அன்னிக்கு ஸ்டால்ல நின்னு என்னையே கேட்டாங்க, இதுல மல்லாட்டை இருக்கான்னு. நான் லேபிளைப் பாருங்கன்னு சொல்லிட்டேன். காலையிலேருந்து போன் எடுக்கல."

"எடுத்தாங்களா?" என்று சக்கரபாணி ஸ்பீக்கரைப் பார்த்துக் கேட்டார்.

"இப்பத்தான் எடுத்தாங்க. பையன் ஸ்கூல்ல இருக்கான். சாயங்காலம் வந்ததும் குடுக்கலாம்னு மேஜைமேல எடுத்து வச்சிருக்காங்க. பிரிக்கல. இப்போ குப்பையில போட்டாச்சு, நான் லைன்ல இருக்கும்போதே."

அமலா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது, வெட்கப்படாமல் அழுதாள். கோகுலகிருஷ்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"இன்னொண்ணும்மா," என்றார் தென்னரசு. சொல்லவா வேண்டாமா என்று யோசிக்கிற குரல். "உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க. எந்தப் பண்டம் வாங்கினாலும் லேபிளை மூணு தடவை படிப்பாங்களாம். 'இதையும் மூணு தடவை படிச்சேன், எழுதினவங்ககிட்ட சொல்லுங்க'ன்னாங்க."

போன் அணைந்தது. அமலா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். செய்முறைத் தாளை எடுத்துக்கொண்டு, "அண்ணே, எல்லா மூட்டையையும் எனக்குப் பிரிச்சிக் காட்டுங்க," என்றாள்.

சக்கரபாணி ஒரு வலைத் தொப்பியை எடுத்து அவளிடம் நீட்டினார். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார்கள். அவர் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்ல, அவள் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். கேப்பை, வெல்லம், மல்லாட்டை, எள், நெய், ஏலக்காய், உப்பு. கடைசிவரை போய்விட்டு, முதல் மூட்டைக்கே திரும்பி வந்தாள்.

"இப்ப ரெண்டாவது தடவை," என்றாள்.