ஆறாம் ஆண்டின் கட்டம்

என் அக்கா கணவர் கடைசியாக என்னோடு மல்லுக்கு நின்றது ஒரு கைவிசிறிக்காக. பேட்டரியில் ஓடும் அந்தப் புதிய விசிறியை விற்பனைப் பிரிவில் நான் திட்டமிட்டேன். அதன் எட்டு வருடக் கணக்கை நிதிப் பிரிவில் அவர் சரிபார்த்தார்.

"முதல் வருஷம் விளம்பரம் முழுங்கும். அடுத்த ரெண்டு வருஷம் விற்பனை ஏறும், ஆனா வர்ற காசு சரக்குலயும் கடைக்காரங்க பாக்கியிலயும் மாட்டிக்கும். நாலு, அஞ்சுல கை நிறையும். எல்லாம் சரி மாப்ளே, அப்புறம் எட்டு வரைக்கும் அப்படியே நிறைஞ்சே இருக்கே? உன் விசிறிக்கு மட்டும் வயசே ஆகாதா?"

"உங்களுக்கு ஆகுதா மச்சான்? அப்படியேதானே இருக்கீங்க."

சிரித்துக்கொண்டே ஆறாம் ஆண்டிலிருந்து சரிவைப் போட்டார். வரப்போகும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்து முதலீட்டைக் கழித்ததும், லாபமாக இருந்த மிச்சம் நஷ்டமாகிவிட்டது. "நாளைக்குப் பேசிக்கலாம்" என்று டீ டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். விடிவதற்குள் மாரடைப்பு.

இரண்டு வாரம் கழித்து, முதலீட்டுக்கு ஒப்புதல் தரும் குழு கூடியபோது, சரிவில்லாத என் கணக்கையே வைத்தேன். அவருக்காக ஒரு நிமிடம் எழுந்து நின்றுவிட்டு, எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். எதிர்த்துப் பேசக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

ஐந்து வருடம் என்னைப் பாராட்டினார்கள். ஆறாம் வருடம் கடைகள் விசிறிகளைத் திருப்பி அனுப்பத் தொடங்கின.

அவர் திருத்திய கோப்பு என் கணினியில்தான் இருக்கிறது. ஆறாம் ஆண்டின் கட்டத்தில் குழுவுக்கு அவர் எழுதிய குறிப்பும் அப்படியே இருக்கிறது: "மாப்ள கோவிச்சுக்குவான். இருந்தாலும் மாத்தாதீங்க."