வியாழக்கிழமை மதியம் அழிந்தவை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்று நான் கத்தித் தீர்க்காமல் இருந்ததுதான் அதிசயம்.

சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் ஒன்பது வருடமாக நான்தான் ஆவணம் போடுகிறேன். பதினேழு கப்பல் கம்பெனிகள், துறைமுகம், சுங்கம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித் தளம், தனி பாஸ்வேர்டு. எல்லாவற்றையும் என் கம்ப்யூட்டரின் பிரவுசரில் சேமித்திருந்தேன். மறந்துவிட்டது என்று அழுத்தினால் புது பாஸ்வேர்டு, வேலையை விட்டுப் போன ஒருவரின் மின்னஞ்சலுக்குப் போகும். அதை மூடி நாலு வருடம் ஆகிறது. எத்தனை தடவை மாற்றச் சொல்லியிருப்பேன், யார் காதில் ஏறியது?

வியாழக்கிழமை அப்பாவை முழங்கால் டாக்டரிடம் அழைத்துப் போக லீவு போட்டேன். வெள்ளி காலை வந்து திறந்தால் பிரவுசர் வெறிச்சோடிக் கிடந்தது. ஒரு பாஸ்வேர்டு இல்லை, ஒரு புக்மார்க் இல்லை.

ரிப்பேர்க்காரர் வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் எப்போதும் அவசரம். யாரோ பிரவுசரை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டிருக்கிறார்கள் என்றார். ஏதோ ஒரு கோப்பைக் காப்பி செய்து போட்டுப் பார்த்தார், எதுவும் தெரியவில்லை. கெட்டுப்போய்விட்டது என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

புதன் மாலை கிளம்பும்போது நான்தான் எதையோ அழுத்தித் தொலைத்திருக்கிறேன் என்று மேனேஜர் முடிவு கட்டிவிட்டார். என் கவனக்குறைவுதான் காரணம் என்று ஒரு கடிதம் டைப் அடித்து என் மேசையில் வைத்தார். ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் திங்கட்கிழமை வர வேண்டாம்.

"நான் செய்யாததுக்கு நான் எதுக்கு சார் கையெழுத்துப் போடணும்?"

"வேற யாரும்மா அந்த சீட்ல உக்காருறாங்க?"

வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். போட்டுத் தொலை, வேலை முக்கியம் என்றார். அவர் பயம் அவருக்கு. மகளின் கல்லூரிப் படிப்பு இன்னும் இரண்டு வருடம் பாக்கி, எனக்கும் பயம்தான். ஆனால் பொய்க்குக் கையெழுத்துப் போட்டால் அதுவும் என்னோடு வீட்டுக்கு வரும். முடியாது என்று முடிவு செய்தேன்.

ரிப்பேர்க்காரரைக் கூப்பிட்டு, அந்தக் கோப்பை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டேன். பிரவுசர் நம் விவரங்களைப் போட்டு வைக்கும் பழைய ப்ரொஃபைல் ஃபோல்டரிலிருந்து என்றார்.

"அப்போ பழைய ஃபோல்டர் அப்படியே இருக்குதா, அண்ணே?"

இருக்கிறது என்று மனிதர் ஒப்புக்கொண்டார். பாஸ்வேர்டுகள் ஒரு கோப்பில் பூட்டிக் கிடக்கும், அதன் சாவி இன்னொரு கோப்பில் இருக்கும். அவர் பூட்டை மட்டும் கொண்டுவந்து சாவியை அங்கேயே விட்டுவிட்டார். காப்பியே வேண்டாம், பழைய ப்ரொஃபைலை அப்படியே திறங்கள் என்று வழி சொன்னார். பிரவுசரை வேறு ஃபோல்டரில் நிறுவியதால் அது தனக்கென்று புது ப்ரொஃபைல் தொடங்கியிருக்கிறது, பழையது அழியவில்லை.

முகவரி எழுதும் இடத்தில் அவர் சொன்னதை அடித்தேன். இரண்டு ப்ரொஃபைல்கள் பட்டியலில் வந்தன. பழையதைத் தனி ஜன்னலில் திறந்தேன். என் புக்மார்க்குகள் ஒவ்வொன்றும் போட்ட இடத்தில் போட்டபடி இருந்தன. துறைமுகத் தளத்துக்குள் போனால் பாஸ்வேர்டு தானாக நிரம்பியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

புக்மார்க்கும் ஹிஸ்டரியும் ஒரே கோப்பில்தான் இருக்குமாம். ஹிஸ்டரியும் சேர்ந்தே வந்திருந்தது. கடைசி வரிசையைப் பார்த்தேன். வியாழன், மதியம் பன்னிரண்டு நாற்பது. 'பிரவுசர் மெதுவாக இருக்கிறது, அழித்துவிட்டுத் திரும்பப் போடுவது எப்படி.' அதற்கு மேலே, மேனேஜர் தன் கார் இன்சூரன்ஸைப் புதுப்பித்த பக்கம், அவர் வண்டி நம்பரோடு.

நான் எழுந்துபோகவில்லை. சார், கொஞ்சம் வாங்க என்று எல்லோருக்கும் கேட்கும்படி கூப்பிட்டேன். வந்தார். பாஸ்வேர்டுகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, ஹிஸ்டரியைப் பார்த்ததும் சுருங்கியது. பக்கத்து மேசை அக்கா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். மேனேஜர் என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாம்தான் கிடைச்சிருச்சே. அந்த ஹிஸ்டரியை மட்டும் அழிச்சிடும்மா."

"நீங்க அழிச்ச வரைக்கும் போதும் சார்."