சிவப்பு வட்டத்தில் ஒன்று

மீட்டிங் அறையின் பெரிய திரையில் அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்ததும், கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். கோளாறு கண்ணில் இல்லை.

அவள் செயலிகளுக்குத் திரை வடிவமைப்பவள். நகரெங்கும் கிளைகள் வைத்திருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் தன் செயலியைப் புதுப்பிக்கச் சொல்லியிருந்தது. அதற்கான மாக்கப்தான் திரையில் இருந்தது. மாக்கப் என்பது மாதிரிப் படம். புரோகிராம் எழுதுகிறவர்கள் தொடங்குவதற்கு முன், திரை இப்படித்தான் இருக்கும் என்று காட்டுவது. ("மேக்கப் போடுற வேலையா?" என்று அவள் அப்பா கேட்டுக் கேட்டு, இப்போது அது வீட்டில் யாருக்கும் சிரிப்பு வராத ஜோக்.)

பழைய செயலியில் எல்லாவற்றுக்கும் ஒரே மணிச் சின்னம். பரிசோதனை முடிவு வந்தாலும் அதன் தலையில் சிவப்பு வட்டமும் எண்ணும். தள்ளுபடி விளம்பரம் வந்தாலும் அதே. புதியதில் அவள் இரண்டையும் பிரித்திருந்தாள். முடிவுகளுக்குத் தாள் போன்ற ஒரு சின்னம். முடிவு வந்தால் மட்டும் சிவப்பு வட்டத்தில் எண்; பேட்ஜ் என்பார்கள் அதை. மணிச் சின்னம் சலுகைகளுக்கு. அதன் ஓரத்தில் ஒரு சின்னச் சாம்பல் புள்ளி, எண் கிடையாது.

இப்போது திரையில் மணியின் தலையிலும் சிவப்பு வட்டம் உட்கார்ந்திருந்தது. உள்ளே '1'. விளிம்பு தண்ணீரில் ஊறிய தாள் மாதிரி கலங்கியிருந்தது. வட்டத்தின் இடது பக்கம் அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு பிறை எட்டிப் பார்த்தது. அவள் வைத்த புள்ளி அது. அதை எடுக்காமலே யாரோ மேலே இன்னொன்றை ஒட்டியிருக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை.

"இதை யார் மாத்துனது?" என்று கேட்டாள்.

மேனேஜர் தலையைத் தூக்கவில்லை. மார்க்கெட்டிங்கைப் பார்த்துக்கொள்கிற தாடிக்காரர்தான் நாற்காலியில் சாய்ந்தபடி பதில் சொன்னார். "நான்தான். சாம்பல் புள்ளியை எவன் திறந்து பாப்பான்? சிவப்புல நம்பர் இருந்தாதான் கை தானா போகும். உங்க ரிசல்ட் பேட்ஜையே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஒட்டிட்டேன்."

"ரிசல்ட் வந்திருக்குன்னு நினைச்சுதான் கை போகும்."

"போகட்டுமே. அதானே வேணும்."

அவள் மேனேஜர் பக்கம் திரும்பினாள். "சார், இது ரொம்பத் தப்பு. இப்படி விட முடியாது."

மேனேஜர் திரையை உற்றுப் பார்த்தார். பிறகு சமாதானமாகச் சொன்னார்: "ஆமாம்மா, நானும் கவனிச்சேன். விளிம்பு நல்லாவே இல்ல. நீங்க ஒரு கை பாத்துடுங்க, கச்சிதமா வந்துடும்."

அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். படத்தை எட்டு மடங்கு பெரிதாக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிக்சலாக, அதாவது திரையின் ஒவ்வொரு நுண்புள்ளியாகப் பார்ப்பாள். தாடிக்காரர் செய்த வேலையில் என்ன கெட்டது என்பது அவளுக்கு ஒரே பார்வையில் தெரிந்தது. ஒட்டும்போது மூலையைப் பிடித்து இழுத்திருக்கிறார். பதினாறு பிக்சல் வட்டம் பதினைந்தும் சொச்சமும் ஆகிவிட்டது. நிற்கிற இடமும் முழு எண்ணில் இல்லை. திரையில் அரை பிக்சல் என்று ஒன்று கிடையாது. விளிம்பு பாதியில் விழுந்தால் அந்தப் பிக்சல் முழுச் சிவப்பும் இல்லாமல் முழு வெள்ளையும் இல்லாமல் வெளிறிப் போகும். ஸ்க்ரீன்ஷாட் என்பதால் உள்ளே இருந்த எண்ணும் சேர்ந்து நசுங்கியிருந்தது. சரிசெய்ய அவளுக்கு ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகாது.

அதுதான் அவளுக்கு எரிந்தது. பொய் அரைகுறையாக இருக்கிறது, நீ வந்து அதைப் பளிச்சென்று ஆக்கிக் கொடு என்கிறார்கள்.

"நான் விளிம்பைச் சொல்லல சார்," என்றாள். "அந்த ஒண்ணையே சொல்றேன். அது அங்க இருக்கக் கூடாது."

"அடுத்த வாரம் அவங்க வர்றாங்க. அதுக்குள்ள ஷார்ப் பண்ணிடுங்க," என்றார் மேனேஜர், கேட்காதவர் போல. மீட்டிங் முடிந்தது.

வீட்டில் அப்பா கழுத்தில் பிளாஸ்திரியோடு சோபாவில் இருந்தார். கழுத்தில் இருந்த கட்டியிலிருந்து கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அனுப்பிய இடம் அதே நிலையம். முடிவு செயலியில் வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

முதலில் அவர் கைபேசியைக் கீழே வைக்கவே இல்லை. சிவப்பில் எண் தெரிந்தால் போதும், கண்ணாடியைத் தேடுவார், அம்மாவைக் கூப்பிடுவார், இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திறப்பார்கள். முழு உடல் பரிசோதனைக்குத் தள்ளுபடி. இன்னொரு முறை திறந்தால், நண்பரைச் சேர்த்துவிடுங்கள், பரிசு பெறுங்கள். அப்பா சிரித்துச் சமாளித்தார். "ஆளு பொழைப்பானான்னே தெரியல, நண்பரைச் சேர்க்கச் சொல்றான்."

இந்த வாரம் அவர் கைபேசியைத் தொடவே இல்லை. அன்று மாலை கழுத்து மறுபடி வீங்கியிருப்பது போலிருக்கிறது என்று அம்மா சொன்னாள். மகள் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். வீங்கித்தான் இருந்தது.

"ரிசல்ட் வரலையாப்பா?"

"வந்தா சொல்ல மாட்டேனா கண்ணு? புலி வருது புலி வருதுன்னு எத்தனை தடவை ஓடிப் பாக்கிறது. எனக்கு அலுத்துப்போச்சு."

கைபேசியை வாங்கிப் பார்த்தாள். மணியின் தலையில் சிவப்பு வட்டத்தில் 4. திறந்தாள். மேலே மூன்று விளம்பரங்கள். நான்காவதாக, அடியில், அப்பாவின் பெயர் போட்ட முடிவு. திங்கட்கிழமையே வந்துவிட்டது. அன்று வெள்ளி. உயிருக்கு ஆபத்தான கட்டி இல்லை, கிருமித் தொற்று, மருந்தை உடனே ஆரம்பிக்க வேண்டும் என்று இருந்தது.

அவள் வாசித்துக் காட்ட, அப்பா கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார். "அப்போ பயப்பட ஒண்ணும் இல்லல்ல?"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே டாக்டரிடம் மருந்துச்சீட்டு வாங்கச் செருப்பு மாட்டிக் கிளம்பிவிட்டாள். மகளுக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. நாலு நாளாக மருந்து இல்லாமல் வீங்கிய கழுத்தையும், அந்த நான்கு என்ற எண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த எண்ணில் பொய் எதுவும் இல்லை, நாலு செய்தி இருந்தது உண்மைதான். ஆனால் எது எந்த ரகம் என்று சொல்லாத எண்ணை வைத்துக்கொண்டு மனுஷன் என்ன செய்வான்?

திங்கட்கிழமை மேனேஜரின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். அப்பா இப்போது எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார். பிறகு, "அந்த பேட்ஜை முடிச்சுட்டீங்களா?" என்றார்.

"முடிக்கல. முடிக்கவும் மாட்டேன்."

"சரி, அப்ப அவரே பண்ணட்டும்."

தாடிக்காரர் பண்ணினார். இந்த முறை கலங்கலை மறைக்க வட்டத்தைச் சுற்றி ஒரு நிழல் போட்டார். நிழலோடு சேர்த்துப் பார்க்க அது புண் மாதிரி இருந்தது. சாம்பல் பிறை அப்படியே இருந்தது.

நிலையத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் முதலாளியின் தம்பி, விற்பனையைப் பார்ப்பவர். மற்றவர் முடிவுகளில் கையெழுத்துப் போடும் தலைமை டாக்டர் அம்மா. மேனேஜர் ஒவ்வொரு திரையாக விளக்கிக்கொண்டு போனார். டாக்டர் அம்மா இடையில் கையை உயர்த்தினார்.

"அந்த மணி மட்டும் ஏன் இப்படி அழுக்கா இருக்கு? மத்ததெல்லாம் சுத்தமா இருக்கே."

"சின்ன ஃபினிஷிங் வேலை பாக்கி மேடம்," என்றார் மேனேஜர்.

"இல்ல மேடம்," என்றாள் அவள். குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "அது என் வேலை இல்ல. நான் வெச்சது சாம்பல் புள்ளி. ரிசல்ட்டுக்கு வைக்கிற சிவப்பு நம்பரை எடுத்து விளம்பரத்து மேல ஒட்டியிருக்காங்க. ஷார்ப் பண்ணிக் கொடுக்கச் சொன்னாங்க, நான் மாட்டேன்னுட்டேன்."

மேனேஜர் முகம் இறுகியது. முதலாளியின் தம்பி, "இதுல என்ன தப்பு? எல்லாரும் பண்றதுதானே," என்றார்.

"உங்க ஆப்ல எங்க அப்பாவோட ரிசல்ட் மூணு விளம்பரத்துக்கு அடியில கிடந்தது சார். திறந்து திறந்து ஏமாந்து, கடைசியில அவர் திறக்கறதையே விட்டுட்டார். நாலு நாள் மருந்து லேட். தொற்றுங்கிறதால தப்பிச்சோம். வேற ஏதாவதா இருந்திருந்தா?"

டாக்டர் அம்மா முதலாளியின் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். "ரிசல்ட் போட்டும் ஏன் பேஷன்ட் வரலைன்னு நான் எத்தனை தடவை உங்ககிட்ட கேட்டிருக்கேன்? நான் கையெழுத்துப் போடறது உங்க கூப்பனுக்கு நடுவுல தொலையறதுக்கா?" பிறகு அவளிடம், "இப்பவே மாத்திக் காட்டுங்க," என்றார்.

அவள் தன் மடிக்கணினியைத் திரையோடு இணைத்தாள். ஒட்டியிருந்த படத்தைத் தேர்ந்தெடுத்து அழித்தாள். நிழலும் சேர்ந்து போனது. அடியில் சாம்பல் புள்ளி, முழு எண் இடத்தில், நாலு பக்கமும் ஒரே மாதிரி நின்றது.

"ரிசல்ட் சின்னத்துல பன்னெண்டு வந்தா? ஒரே போன் நம்பர்ல மொத்தக் குடும்பமும் பதிஞ்சிருப்பாங்க," என்றார் டாக்டர் அம்மா.

அவள் தாள் சின்னத்தின் மேலிருந்த 1-ஐ அழித்து 12 என்று அடித்தாள். எண் வட்டத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. வட்டத்தை இழுத்துப் பெரிதாக்கவில்லை அவள். உயரத்தை அதே பதினாறில் விட்டு, அகலத்தை மட்டும் இருபத்திரண்டு ஆக்கினாள். வட்டம் மாத்திரை போல நீண்டது. எல்லா இலக்கமும் ஆறு பிக்சல் அகலமுள்ள எழுத்துருவைத்தான் அவள் எடுத்திருந்தாள். ஆகவே இரண்டு இலக்கத்துக்குப் பன்னிரண்டு போக, பக்கத்துக்கு ஐந்து ஐந்தாக மிஞ்சியது. இடது விளிம்பு நகரவே இல்லை. பெரிதாக்கிக் காட்டினாள். எங்கும் கலங்கல் இல்லை.

"இப்படியே இருக்கட்டும்," என்றார் டாக்டர் அம்மா.

அவர்கள் போனதும் மேனேஜர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். வெளியாள் முன்னால் கம்பெனியைக் காட்டிக்கொடுத்தது சரியில்லை என்றார். இந்த வேலையை இனி வேறொருவர் பார்த்துக்கொள்வார் என்றார். அவள் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இன்னும் நின்றால் அழுகை வந்துவிடும், அதையும் இவர் தப்பு செய்த வருத்தம் என்று எடுத்துக்கொள்வார் என்று தோன்றியது.

அப்பாவுக்கு மருந்து கேட்டது. வீக்கம் மெல்ல வடிந்தது. புதிய செயலி வெளியானபோது, கம்பெனியின் இணையப் பக்கத்தில் மேனேஜரும் தாடிக்காரரும் சிரித்துக்கொண்டிருக்கும் படம் வந்தது. நோயாளியை ஏமாற்றாத அறிவிப்பு முறையை உருவாக்கிய குழு என்று கீழே போட்டிருந்தார்கள். படத்தை அம்மாவிடம் காட்டினாள்.

"உம் பேரு எங்க?"

"இல்ல."

"போய்க் கேளு," என்றாள் அம்மா. "வாயில்லாப் பூச்சியா நீ?"

மறுநாள் போய்க் கேட்டாள். குழுவின் வேலை, தனியாகப் பெயர் போடுவது வழக்கமில்லை என்றார் மேனேஜர். படத்தில் இரண்டு பேர் மட்டும் இருக்கிறார்களே என்றாள். அது அன்று அலுவலகத்தில் இருந்தவர்களை வைத்து எடுத்தது என்றார். அவளும் அன்று அலுவலகத்தில்தான் இருந்தாள். அதையும் சொன்னாள். அவர் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டு, புதிய வேலை ஒன்றின் மாக்கப்பைத் திறந்தார்.

"அதை விடுங்கம்மா. இதுலயும் ஒரு பேட்ஜ் இருக்கு, விளிம்பு சரியா உக்காரல. கொஞ்சம் பாத்துக் கொடுங்க."

"எதுக்காக வைக்கிறீங்கன்னு முதல்ல சொல்லுங்க சார்," என்று எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "விளிம்பை அப்புறம் பாக்கலாம்."