பெற்றவை: பூஜ்யம்

கிரிஜா அக்கா அனுப்பிய பெட்டியை நான் மாட்டிய லட்சணத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எங்கள் குடும்பத்து வழக்கப்படி பழி ரமாவின் தலையில்தான் விழும். ரமா என் மனைவி. இந்த விஷயத்தில் அவள் ஒரு பாவமும் அறியாதவள்.

2007 பிப்ரவரி. புனேயில், கராடி பக்கம் புது ஃப்ளாட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அக்கா நியூஜெர்சியில் தனியாக இருந்தாள். போன ஜூனில் அத்திம்பேர் மாரடைப்பில் போய்விட்டார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. எட்டு மாதம் தாக்குப்பிடித்துவிட்டு எனக்கு ஒரு மெயில் எழுதினாள். 'இங்கே முடியவில்லை விச்சு. புனேவுக்கே வந்து உங்களோடு இருந்துவிடலாமா என்று பார்க்கிறேன். ரமாவையும் கேள். வரலாமா வேண்டாமா என்று மழுப்பாமல் சொல். ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன்.'

கூப்பிடுவதற்குத்தான் அந்தப் பெட்டி. பார்க்க ரௌட்டர் மாதிரி இருக்கும், ரௌட்டரேதான். ஆனால் பின்னால் சாதாரண டெலிபோனைச் செருக ஒரு துளையும் உண்டு. அதே மாதிரி ஒன்று அவள் வீட்டிலும் இருந்தது. பெட்டிக்குப் பெட்டி இன்டர்நெட் வழியாகவே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். வேண்டிய செட்டிங்ஸையெல்லாம் அவளே உள்ளே நிரப்பி, நியூயார்க் போய் வந்த என் ஆபீஸ்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தாள்.

இன்டர்நெட் கம்பெனி ஆள் வந்து மாட்டிவிட்டுப் போன மோடம் ஹாலில் இருந்தது. அதிலிருந்து ஒரு கேபிளை எடுத்துப் பெட்டியில் செருகினேன். விளக்கெல்லாம் பச்சை. லேப்டாப்பில் நெட் வந்தது. போனை எடுத்தால் 'கொய்ங்' என்று சத்தம். நான் ஹிஞ்சேவாடியில் நானூறு பேர் உட்காரும் ஆபீஸுக்கு நெட்வொர்க் பார்க்கிறவன். சொந்த வீட்டில் இரண்டாம் தடவை எதையும் சரிபார்க்கத் தோன்றவில்லை. அவ்வளவு திமிர்.

ஞாயிறு எட்டு மணிக்கு டாணென்று மணி அடித்தது. இரண்டு பேருமாகப் பேசலாம் என்று ஸ்பீக்கரைப் போட்டேன்.

"அக்கா! சொல்லுக்கா."

ஒன்றுமில்லை. இரைச்சல்கூட இல்லை.

"ஹலோ! அக்கா, கேக்கறதா? இங்க ஒண்ணும் கேக்கலை."

ரமாவும் கத்திப் பார்த்தாள். துடைத்துவிட்ட மாதிரி அமைதி. "லைன் கிடைக்கலை போலிருக்கு. அப்படியே இருக்கட்டும், வந்தாலும் வரும்" என்று ஸ்பீக்கரை அணைக்காமல் சோபாவில் சாய்ந்தேன். ரமா டிகாக்ஷன் இறக்கப் போனாள். போகிற போக்கில், "அக்கா கேட்டா என்ன சொல்லப்போறேள்?" என்றாள்.

"என்னத்தைச் சொல்றது?"

"வரட்டுமே. பின்னாடி ரூம் சும்மாதானே கிடக்கு? இஸ்திரி போர்டைத் தூக்கி பால்கனில வெச்சா ஆச்சு."

அவள் சொன்னது அவ்வளவுதான். மீதி முழுக்க நான்.

"உனக்கென்ன, சொல்லுவே. ஒரு மாசம், ரெண்டு மாசம்னா சரி. ஆயுசுக்கும்னா? அவ அழறதை போன்ல கேக்கவே எனக்குப் பொறுமை இல்லை. தெனம் ஆபீஸ்லேர்ந்து வந்து அதையே கேக்கணுமா? வீடே எழவு வீடு மாதிரி ஆயிடும். அங்க போறச்சே என்னைக் கேட்டுண்டா போனா? அப்பா படுத்த படுக்கையா கிடந்தப்போ பதினஞ்சு நாள் லீவுல வந்து போட்டோ எடுத்துண்டு போனவ. இப்ப அத்திம்பேர் இல்லைன்னதும் தம்பி ஞாபகம் வந்துடுத்தாக்கும்."

"மெதுவா. ஏன் இப்படிப் பேசறேள்?"

"யாருக்குக் கேக்கப்போறது? இருக்கறதைத்தானே சொல்றேன்."

இன்னும் பேசினேன். எல்லாவற்றையும் எழுத எனக்கே கூசுகிறது. அவள் சமையல், அவள் சுத்தம், யாரையும் குறை சொல்லும் அவள் குரல் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். அக்காவைப் பிடிக்காதவன் இல்லை நான். பயந்துபோயிருந்தேன். பயந்தவன் வாயில் நல்ல வார்த்தை வருமா? காபி வந்தது, குடித்தேன், அப்புறம்தான் ஸ்பீக்கர் விளக்கு எரிவதைப் பார்த்து அணைத்தேன்.

அரைமணியில் அவளிடமிருந்து மெயில் வந்தது. 'லைன் சரியில்லை போல. அடுத்த ஞாயிறு பார்க்கலாம்.'

சாயங்காலம் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தேன். பெட்டியின் வெளி முகவரி 192.168.1.2 என்று இருந்தது. தலையில் அடித்துக்கொண்டேன். அது வெளி உலகத்து முகவரியே இல்லை. வீட்டுக்குள் வைத்துக்கொள்ளும் முகவரி. கம்பெனி மோடம் தானும் ஒரு ரௌட்டராக வேலை செய்துகொண்டிருந்தது. உண்மையான முகவரியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, என் பெட்டிக்கு உள்முகவரி ஒன்றைக் கொடுத்திருந்தது. என் பெட்டியோ அதற்கும் கீழே லேப்டாப்புக்கு இன்னொரு உள்முகவரி கொடுத்திருந்தது. இதற்கு டபுள் நாட் என்று பெயர். நெட்டில் எதுவும் சின்னச் சின்னப் பொட்டலமாக, பாக்கெட்டாகத்தான் போகும்; அது ஒவ்வொன்றிலும் இரண்டு இடத்தில் முகவரி மாற்றி எழுதப்படும். சும்மா வெப்சைட் பார்க்கிறவனுக்கு ஆயுசுக்கும் தெரியாது. நாம் கேட்டதற்குப் பதில்தானே வருகிறது, இரண்டு ரௌட்டருக்கும் வழி நினைவிருக்கும்.

போன் அப்படி இல்லை. என் பெட்டி அக்காவின் பெட்டியிடம், 'குரலை இந்த முகவரிக்கு அனுப்பு' என்று எழுதிக் கொடுக்கிறது. தனக்குத் தெரிந்த 192.168.1.2-ஐத்தான் எழுதும். சொசைட்டி பெயரும் தெருவும் இல்லாமல் 'ஃப்ளாட் பி-12' என்று மட்டும் எழுதிய கடிதம் புனேவுக்கு வந்து சேருமா? மணி மட்டும் எப்படி அடித்தது என்றால், என் பெட்டி அழைப்புகளை இணைத்துவைக்க நடுவில் இருக்கும் சர்வரிடம் அடிக்கடி போய், 'நான் இருக்கிறேன்' என்று சொல்லி அந்த வழியைத் திறந்து வைத்திருந்தது. அழைப்பு அதில் வந்தது. குரல் சர்வரைத் தொடாமல் நேராக வரவேண்டியது.

உறுதி செய்துகொள்ளக் கடைசி அழைப்பின் கணக்கைப் பார்த்தேன். நேரம்: 11 நிமிடம் 5 நொடி. அனுப்பிய பாக்கெட்டுகள்: 33,240. பெற்றவை: 0.

"பாத்தியா ரமா, நான் நினைச்சது சரி! வரதுதான் அடிபட்டிருக்கு, போறது க்ளீனா போயிருக்கு!" என்று கத்தினேன். நெட்வொர்க்காரன் சந்தோஷம் அது, இரண்டு நொடி இருந்தது. பிறகு நான் சொன்னதை நானே கேட்டேன்.

போனது க்ளீனாகப் போயிருந்தது. அக்காவின் பெட்டிக்கு நிஜமான முகவரி இருந்தது. நான் பேசின ஒரு சொல் சிந்தவில்லை. நொடிக்கு ஐம்பது பாக்கெட் வீதம் பதினோரு நிமிஷம். அவள் போனை வைக்கவில்லை.

"நான் என்ன சொன்னேன்?" என்று ரமா முதலில் கேட்டாள். பாவம், முகம் வெளுத்துப்போயிருந்தது.

"நீ ஒண்ணும் சொல்லலை. வரட்டும்னே. நான்தான்."

"இப்பவே ஐஎஸ்டி போடுங்கோ. மன்னிப்புக் கேளுங்கோ."

போடவில்லை. சரிசெய்ய வேண்டியதெல்லாம் அரைமணி வேலை. மோடத்தை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றிவிட்டால் அது முகவரி மாற்றும் வேலையை விட்டுவிடும், வருவதை அப்படியே என் பெட்டியிடம் தள்ளிவிடும். அதுவரை மோடம் செய்துவந்த லாகினை என் பெட்டி செய்ய வேண்டும், அதற்குக் கம்பெனி கொடுத்த யூசர் பெயரும் பாஸ்வேர்டும் வேண்டும். யூசர் பெயர் ரசீதில் இருந்தது. பாஸ்வேர்டுக்கு ஒரு போன் செய்தால் போதும். திங்கள், செவ்வாய், புதன் என்று ஆபீஸ் வண்டியில் ஹிஞ்சேவாடிக்குப் போய்வந்தேனே தவிர அந்த ஒரு போனைச் செய்யவில்லை. அது கெட்டுக்கிடக்கும்வரை அவள் குரலைக் கேட்க வேண்டாமே. கோழைத்தனம்தான், வேறு பெயர் கிடையாது.

சனிக்கிழமைக்குள் ரமா என்னோடு பேசுவதையே நிறுத்தியிருந்தாள். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன்.

"சர், ஆப்கா நெட் சல் ரஹா ஹை நா? ஃபிர் ப்ராப்ளம் க்யா ஹை?" என்றாள் அந்தப் பெண். நெட் ஓடுகிறதே, பிறகென்ன பிரச்சினை என்று கேட்டாள். என்ன பிரச்சினை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? கெஞ்சிக் கூத்தாடிப் பாஸ்வேர்டை வாங்கினேன். லேப்டாப்பை நேரே மோடத்தில் செருகி, மற்றதையெல்லாம் அப்படியே விட்டு, இணைப்பு வகையை மட்டும் பிரிட்ஜ் என்று மாற்றிச் சேமித்தேன். மோடம் அணைந்து எரிந்தது. பெட்டியை மறுபடி மாட்டி, அதில் யூசர் பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்தேன். ஒரு நிமிஷத்தில் வெளி முகவரி 59 என்று தொடங்கும் நிஜமான எண்ணாக மாறியது. வேலை சுத்தம். எந்த நாளிலும் இவ்வளவு துக்கத்தோடு ஒரு லைனைச் சரிசெய்ததில்லை.

ஞாயிறு எட்டு மணி.

"விச்சு? இப்ப கேக்கறதா?"

பக்கத்து அறையில் இருந்து பேசுகிற மாதிரி கேட்டது. மூச்சு விடுவதுகூட.

"கேக்கறதுக்கா."

"ரமா எப்படி இருக்கா? சரி, விஷயத்துக்கு வரேன். நான் வரலைடா. இங்க ஒரு லைப்ரரில வேலை கேட்டிருந்தேன், கிடைச்சுடுத்து. போன வாரம் அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். எனக்கும் ஒண்ணும் கேக்கலை."

எனக்காகப் பொய் சொல்கிறாள். அதை அப்படியே வாங்கிக்கொண்டு தப்பித்திருக்கலாம். ரமா எதிரே நின்று என்னையே பார்த்தாள்.

"அக்கா, உனக்குக் கேட்டது. எனக்குத் தெரியும். உன் குரல்தான் இங்க வரலை. நான் பேசினது எல்லாம் அங்க வந்திருக்கு."

போன வாரத்து அமைதி வேறு, இது வேறு. இதில் அவள் இருந்தாள்.

"கத்தினேன்டா" என்றாள் கடைசியில். "எனக்குக் கேக்கறதுடா, நிறுத்துடா, விச்சு, நிறுத்துன்னு தொண்டை கிழியக் கத்தினேன். நீ பாட்டுக்குப் பேசிண்டே இருந்தே."

"போனை வெச்சிருக்கலாமேக்கா."

"எப்படி வெப்பேன்? அடுத்த வார்த்தை 'இருந்தாலும் என் அக்கா, வரட்டும்'னு இருக்கும்னு நினைச்சேன். காபி டம்ளரை வைக்கற சத்தம்வரைக்கும் அதுக்குத்தான் காத்துண்டிருந்தேன்."

"இப்ப சொல்றேன்க்கா. வந்துடு. நிஜமா சொல்றேன், வந்துடு."

"இப்ப எனக்குக் கேக்கறதுன்னு உனக்குத் தெரியுமே விச்சு" என்றாள் அக்கா.