ஒரே வீட்டில் இரண்டு பேர்

கண் மருத்துவமனையில் கணினி பார்ப்பவனுக்கு ‘மின்னல்’ என்று பட்டப்பெயர். மற்றவர்கள் இரண்டு நாள் மாரடிக்கும் வேலையை ஒரு மதியத்தில் முடித்துவிடுவான். அந்த மிதப்பும் அவனுக்கு உண்டு.

அறுவை சிகிச்சைக்குப் பதிந்தவர்களின் பட்டியலைப் பல கைகள் தட்டச்சு செய்திருந்தன. ‘தன லட்சுமி’ மேலே கிடந்தாள், நடுவில் தனபால் வகையறா, கீழே ‘தனலெட்சுமி’. அகரவரிசைக்கு இடைவெளியும் ஓர் எழுத்துதான். மின்னல் பெயர்களுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பத்தி போட்டு, அதில் இடைவெளிகளை நீக்கி, லெட்சுமியையும் லக்ஷ்மியையும் லட்சுமியாக்கி, வரிசைப்படுத்தினான். பிரிந்து கிடந்தவர்கள் ஒன்றாக வந்து நின்றார்கள். இந்த இரண்டு தனலட்சுமிகளுக்கும் தொலைபேசி எண் ஒன்று, முகவரி ஒன்று. அப்புறம் என்ன யோசனை? ஒரு வரியை அழித்தான்.

இன்று காலை ஒரு பெண்மணி வெறும் வயிற்றோடு வந்து நின்றாள்.

“அந்தப் பேருல ஒருத்தங்கதாம்மா, அவங்க வந்தாச்சு. நீங்க பதியவே இல்ல,” என்றான், தலையைக்கூடத் தூக்காமல்.

“பதிஞ்ச மாதிரிதான் ஞாபகம் தம்பி... நான்தான் ஏதோ குழப்பிட்டேன் போல,” என்று தடவித் தடவி நகர்ந்தாள். அவளுடைய ஓரகத்தியை மட்டும் உள்ளே அழைத்துப் போனார்கள்.

மதியம் தலைமை நர்ஸ் இரண்டு படிவங்களை மேசையில் வைத்தார். “ரெண்டும் ஒரே பேரு, ஒரே வீடு. ஆனா வயசு வேற, புருஷன் பேரு வேற. ஒரு வீட்டு மருமகளுங்கப்பா. பட்டியல்ல ஒருத்தியதான் காணோம்.”

மின்னலுக்குச் சுரீரென்றது. வயதும் கணவர் பெயரும் பட்டியலிலேயே இருந்தன. திரையில் இடம் போதவில்லை என்று அவன்தான் அந்த இரண்டு பத்திகளையும் மறைத்து வைத்திருந்தான்.

“இப்ப சேர்த்துக்கலாமா மேடம்?”

“அவங்க இடத்துக்குக் காத்திருந்தவங்கள உள்ள அனுப்பியாச்சு. இனி அடுத்த மாசம்தான். நீயே போய்ச் சொல்லு.”

அவள் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். முகம் தெரியாமல் கண்ணைச் சுருக்கினாள்.

“யாருப்பா?”

வேறு யாரோ செய்த தப்பு என்று சொல்லிவிடலாம். அவளுக்கு என்ன தெரியப்போகிறது? அப்படி ஒரு நினைப்பு வந்ததே அவனுக்குக் கேவலமாக இருந்தது.

“காலையில பேசினவன்தாம்மா. நீங்க பதிஞ்சிருக்கீங்க. நான்தான் ரெண்டு பேரையும் ஒருத்தர்னு நெனச்சு உங்க பேர அழிச்சிட்டேன். மன்னிச்சிடுங்க. அடுத்த மாசம் மொத ஆளா நீங்கதான்.”

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

“அப்ப நான் பதிஞ்சது நெசம்தானே?”

“நெசம்தாம்மா.”

“அந்தத் தூண்கிட்ட எங்க வீட்டுக்காரர் நிக்கிறாரா பாரு. ஒரு பேரப் பதியக்கூடத் துப்பில்லையான்னு காலையிலேர்ந்து எல்லார் முன்னாடியும் ஏசிட்டிருக்காரு. அவர்கிட்ட சொல்லு. எல்லாருக்கும் கேக்குற மாதிரி சத்தமாச் சொல்லு.”

கூடம் நிறைய ஆட்கள். மின்னல் தூணை நோக்கி நடந்தான், வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாக.