வெட்டக் கிடைத்த இடம்

கணவர் நடத்திய தையல் மெஷின் பழுதுபார்க்கும் பாட வீடியோ மூன்று மணி நேரம் ஓடியது. அதை அத்தியாயங்களாகப் பிரித்து, எது எந்த நிமிடத்தில் தொடங்குகிறது என்று குறிக்கும் வேலை மனைவியின் தலையில் விழுந்தது. கணவரோ மூச்சுவிடாமல் பேசுகிற ஆள். கண்ட இடத்தில் வெட்டினால் அடுத்த அத்தியாயம் பாதி வார்த்தையில் தொடங்கித் தொலைக்கும். பேச்சு நின்று, திரையில் ஒலிக்கோடு படுத்துக்கிடக்கும் இடங்களாகத் தேடினாள். எல்லாவற்றிலும் ஒரே காட்சி. "ஏய், தண்ணி!" என்று கத்திவிட்டு அவர் காத்திருக்கிறார், ஓரத்திலிருந்து அவள் கை நீண்டு, டம்ளரை வைத்துவிட்டு மறைகிறது. வேறு இடைவெளியே இல்லை. கத்தலிலிருந்து கை மறையும்வரை ஒவ்வொன்றாக வெட்டியெறிந்து, அங்கங்கே அத்தியாயத்தைத் தொடங்கினாள்.

பார்த்த கணவர் பூரித்துப்போனார். "பிரமாதம்! நீ குறுக்க வந்ததே தெரியல. சரி, தண்ணி கொண்டா."